நொய் ஏன் கூடியது என்று சொல்லத் தெரிந்தால்

கேள்வி: வணக்கம் சார். மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லில் 11 வருஷமாக இருக்கிறேன். மூட்டை தூக்கச் சேர்ந்தவன், இப்போது உமி நீக்குகிற ஷெல்லர், பாலிஷர் இரண்டுக்கும் ஆபரேட்டர். படிப்பு பத்தாவது. எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் பொங்கலோடு நிற்கிறார். அந்த இடத்தை எனக்குக் கேட்கலாம் என்று இருக்கிறேன். முதலாளி டிப்ளமோ படித்த பையனைத்தான் தேடுகிறார் என்று கணக்குப்பிள்ளை சொல்கிறார். எந்த மெஷின் நின்றாலும் மெக்கானிக் வருவதற்குள் நானே சரி பண்ணிவிடுவேன், ஆட்களும் என் பேச்சைக் கேட்பார்கள். ஆனால் ராத்திரி ஷிப்டில் நொய் அதிகம் விழுகிறது என்று என் மேல் ஒரு கெட்ட பெயரும் இருக்கிறது. படிப்பு இல்லாமல் என் தகுதியை எப்படிக் காட்டுவது? கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் அங்கேயே எப்படி வேலை பார்ப்பது?

பதில்:

தம்பி, முதலில் முதலாளி எதற்காக டிப்ளமோ கேட்கிறார் என்று பார்ப்போம். மெக்கானிக்கல் டிப்ளமோவில் நெல்லைப் பற்றி ஒன்றும் பெரிதாகச் சொல்லித்தருவதில்லை, அது அவருக்கும் தெரியும். பாலிடெக்னிக் முடித்து வரும் பையனுக்கு சி.ஆர். 1009 நெல்லுக்கும் பி.பி.டி. நெல்லுக்கும் வித்தியாசம் தெரியவே ஒரு சம்பா ஆகும். முதலாளியின் கவலை வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே என்ன நடந்தது என்று காலையில் ஒருவர் எண்ணோடு சொல்ல வேண்டும், பத்து நாள் கழித்து வியாபாரி சிப்பத்தைத் திருப்பி அனுப்பினால் அது எந்த லாட், எந்த ஷிப்ட் என்று எடுத்துக் காட்ட வேண்டும், ஆட்களுக்குள் தகராறு வந்தால் அது ஆபீஸ் வாசலுக்கு வராமல் உள்ளேயே தீர வேண்டும். இதையெல்லாம் செய்வாரா என்று ஒரு மனிதரைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க வழி இல்லாததால் சான்றிதழைக் கேட்கிறார், அவ்வளவுதான். அளக்க வேறு ஏதாவது நீங்கள் கொடுத்தால் அதையும் வைத்துப் பார்ப்பார். எல்லோரும் பார்ப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் நான் வேலை பார்த்த முதலாளிகளில் பாதிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஒரே ஒரு வரி. எந்த மெஷின் நின்றாலும் நானே சரி பண்ணிவிடுவேன் என்பது. இதை நீங்கள் தகுதியாக எழுதியிருக்கிறீர்கள். சூப்பர்வைசர் வேலைக்கு அது பாதகமாகக்கூட முடியும். நானே ஒரு தடவை இதில் சூடு பட்டிருக்கிறேன். பல வருஷம் முன்னால் ஒரு மில்லில் பாலிஷர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை, சத்தத்தை வைத்தே லோடு எவ்வளவு என்று சொல்லக்கூடிய ஆள், சூப்பர்வைசர் ஆக்கச் சொல்லி முதலாளியிடம் மல்லுக்கு நின்று வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் நெல்லை மேலே ஏற்றுகிற ஒரு எலிவேட்டர் அடைத்துக்கொண்டது. மனுஷன் சட்டையைக் கழற்றிவிட்டு அவரே குழிக்குள் இறங்கிவிட்டார், முக்கால் மணி நேரம் மேலே வரவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் ட்ரையரில் இருந்து வந்த ஈர நெல் காய்ந்த நெல் இருந்த தொட்டியில் போய் விழுந்துவிட்டது. மாற்றிவிட வேண்டியவன் எங்கே திருப்புவது என்று கேட்க ஆளைத் தேடியிருக்கிறான், ஆள் குழிக்குள். ஒன்பது டன் நெல் கலந்து போச்சு. அவர் மேல் தப்பு இல்லை, அவருக்கு நாற்காலி மாறியதே தவிர வேலை மாறியது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால் முதலாளியிடம் பேசும்போது நான் நல்ல ஆபரேட்டர் என்று ஆரம்பிக்காதீர்கள். அது அவருக்குத் தெரியும், தெரிந்ததால்தான் உங்களை மெஷினை விட்டு எடுக்க யோசிப்பார்.

சரி, அப்படியானால் எதைக் காட்டுவது? உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்த ராத்திரி நொய்.

இதைக் கெட்ட பெயர் என்று பார்க்காமல் உங்களுக்குக் கிடைத்த பரீட்சைத் தாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நொய் கூடினால் எல்லோரும் முதலில் கை காட்டுவது ஷெல்லரையும் பாலிஷரையும்தான், ஏனென்றால் உடைந்த அரிசி கண்ணுக்குத் தெரிவது அங்கேதான். நீங்களும் போய் ஷெல்லரின் இரண்டு ரப்பர் ரோல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்திருப்பீர்கள். இடைவெளியைத் தளர்த்தினால் நொய் கொஞ்சம் குறையும், ஆனால் உமி நீங்காத நெல் திரும்பத் திரும்ப செப்பரேட்டரில் சுற்றும், உற்பத்தி படுக்கும், உடனே இன்னொருவர் வந்து இறுக்கச் சொல்வார். இப்படியே விடியும்.

நான் பார்த்த ஒரு கேஸ் சொல்கிறேன். எட்டாவது வரை படித்த ஒரு ஆபரேட்டர், உங்கள் நிலைமைதான், புழுங்கல் ஓட்டும் மில், மணிக்கு இரண்டு டன் நெல். பகலில் நொய் 6 சதவீதம், ராத்திரியில் 9. அவர் செய்தது இதுதான். நகைக் கடையில் வைத்திருப்பது போல ஒரு சின்னத் தராசு வாங்கினார். ஒரு வாரம் பகலும் ராத்திரியும், ஷெல்லரைத் தாண்டி வருகிற அரிசியில் 100 கிராம், கடைசி பாலிஷரைத் தாண்டி வருகிறதில் 100 கிராம், இரண்டையும் எடுத்துத் தட்டில் பரப்பி, முழு அரிசியின் நீளத்தில் முக்காலுக்குக் குறைவான துண்டுகளைப் பொறுக்கித் தனியாக நிறுத்தார். பகலில் ஷெல்லரைத் தாண்டியதும் 2 கிராம், கடைசியில் 6. ராத்திரியில் ஷெல்லரைத் தாண்டியதுமே 5, கடைசியில் 9. இந்த நாலு எண்ணையும் கொஞ்சம் நின்று பாருங்கள். பாலிஷர் இரண்டு ஷிப்டிலும் நாலு கிராம்தான் உடைக்கிறது. கூடுதலான மூன்று கிராம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆக, பாலிஷரை எவ்வளவு நோண்டினாலும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் இருப்பது ஷெல்லரா, அதற்கும் முன்னாலா என்ற கேள்வி. ஷெல்லருக்குள் விழப்போகிற நெல்லில் 100 மணியை எடுத்துக் கையாலேயே உமியை உரித்து, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து அடியில் டார்ச் அடித்தார். புழுங்கல் அரிசி கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே விரிசல் இருந்தால் குறுக்கே மயிரிழை போலக் கோடு தெரியும். பகல் நெல்லில் 100-க்கு ஆறேழு மணியில் கோடு, ராத்திரி நெல்லில் இருபதுக்கு மேல். உமிக்குள் இருக்கும்போதே உடையத் தயாராகத்தான் வந்திருக்கிறது, ரப்பர் ரோல் பட்டதும் இரண்டாகிறது. இதில் இன்னொரு விஷயம், வயலில் வெயிலிலும் மழையிலும் மாறி மாறிக் கிடந்த நெல்லில் விரிசல் இருந்தாலும், அவிக்கும்போது உள்ளே மாவு வெந்து ஒட்டிக்கொள்ளும். சரியாக வெந்த நெல்லில் அதற்குப் பிறகு தெரிகிற விரிசலில் பெரும்பகுதி ட்ரையரில் வந்ததுதான். நெல் மோசம் என்று கமிஷன் கடைக்காரரைத் திட்டுகிற வழியும் அடைபட்டது.

ட்ரையர்காரரிடம் போய் நீதான் காரணம் என்று நின்றிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். இவர் போய், ராத்திரி உன் பக்கம் ஏதாவது மாறுகிறதா என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்னதில் விஷயம் வெளியே வந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் நெல் அவியல் இல்லை. பகலில் பாய்லர் ஸ்டீமை அவியலும் ட்ரையரும் பங்கு போட்டுக்கொள்கின்றன, ராத்திரியில் முழுசும் ட்ரையருக்கே வருகிறது, காற்றின் சூடு பத்து டிகிரி வரைக்கும் கூடிவிடுகிறது. ட்ரையர்காரரோ பகலில் சொன்ன அதே மணிக்கணக்கில் ஓட்டுகிறார். வெளியே எடுக்கும் நெல்லின் ஈரப்பதம் பகலில் 13.5, ராத்திரியில் 11.5. போதாததற்கு, முதல் ஓட்டத்தில் ஈரம் 16, 17-க்கு இறங்கியதும் நெல்லை நிறுத்தி நாலைந்து மணி நேரமாவது ஆறப்போட வேண்டும், உள்ளே இருக்கும் ஈரம் மேலே பரவட்டும் என்று. காலையில் லாரி வருகிறது என்பதால் ராத்திரியில் அதை ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிட்டார்கள். புழுங்கல் நெல்லுக்கு அந்த 16-க்குக் கீழே இறங்கும் கட்டம்தான் ஆபத்தான கட்டம், மேல் பக்கம் சுருங்கி உள்ளே ஈரமாக இருக்கும்போது அவசரப்படுத்தினால் விரிசல் விடும்.

ஆக யாரும் தப்பு செய்யவில்லை. அவியலை நிறுத்தியவருக்கு ட்ரையர் பற்றிக் கவலை இல்லை, ட்ரையர்காரருக்கு ஷெல்லரில் என்ன உடைகிறது என்று தெரியாது, ஷெல்லர்காரர் தலையில் பழி. மூன்று பேருக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் அரிசி உடைந்துகொண்டிருந்தது, அந்த இடைவெளிதான் தம்பி சூப்பர்வைசருடைய இடம். அந்த ஆபரேட்டர் ராத்திரியில் ஸ்டீம் வால்வைக் கொஞ்சம் அடைத்து வைக்கவும், மணிக்கணக்கை விட்டுவிட்டு ஈரமானியைப் பார்த்து நிறுத்தவும், ஆறப்போடும் நேரத்தைக் குறைக்காமல் லாரியை இரண்டு மணி நேரம் தள்ளி வரச்சொல்லவும் அப்போதிருந்த சூப்பர்வைசர் மூலமாகவே ஏற்பாடு செய்தார். தானாக வால்வைத் திருகவில்லை, அதைக் கவனியுங்கள். பத்து நாளில் ராத்திரி நொய் ஆறரைக்கு வந்தது.

இதை முதலாளியிடம் எப்படிச் சொன்னார் என்பது இன்னும் முக்கியம். ஒரு ஷிப்டில் சுமார் பத்து டன் அரிசி. 9 சதவீதம் ஆறரை ஆனால் ஷிப்டுக்கு 250 கிலோ, நொய்யாகப் போகாமல் அரிசியாக நிற்கிறது. அரிசிக்கும் நொய்க்கும் கிலோவுக்கு 15 ரூபாய் வித்தியாசம் என்று வைத்தால் ஒரு ராத்திரிக்கு 3,750 ரூபாய். மாதம் 25 ராத்திரி ஓடினால் 90 ஆயிரத்துக்கு மேல். முதலாளிகளுக்கு விரிசல், டார்ச், கண்ணாடி எல்லாம் அப்புறம்தான், இந்த ஒரு வரியைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள்.

உங்கள் மில்லில் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. தேய்ந்த ரோலாக இருக்கலாம், வேகமாகச் சுற்றுகிற ரோல் சீக்கிரம் தேயும் என்பதால் இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும், அதை ராத்திரி ஷிப்ட் தலையில் கட்டியிருக்கலாம். தடித்த நெல் ஓட்டிவிட்டு இடைவெளியை மாற்றாமலேயே சன்ன ரகத்துக்குத் தாவியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் தேடும் வழி ஒன்றுதான், ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னும் பின்னும் மாதிரி எடுத்து நிறுத்துப் பார்ப்பது. இரண்டு வாரம் போதும். பொங்கலுக்கு முன்னால், குறுவை நெல் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடுங்கள். சம்பா வரத்து ஆரம்பித்துவிட்டால் தராசு பிடிக்க உங்களுக்கு நேரம் இருக்காது, கேட்க முதலாளிக்கும் நேரம் இருக்காது.

இதோடு சேர்த்து ஒரு நோட்டு. ஷிப்ட் ரிஜிஸ்டர் ஏற்கனவே இருக்கும், அதில் எத்தனை மூட்டை என்று மட்டும்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்வேன். நீங்கள் வைக்கப்போவது அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிவிட்டுப் போகிற நோட்டு. ஒரு ஷிப்டுக்கு ஒரு பக்கம் தாண்டக் கூடாது. எந்த லாட், என்ன ரகம், ட்ரையரில் இருந்து வந்த ஈரப்பதம், ஷெல்லர் தாண்டியும் கடைசியிலும் நொய் எவ்வளவு, எந்த மெஷின் எத்தனை மணிக்கு நின்று எத்தனை மணிக்கு ஓடியது, ஏன் நின்றது, அடுத்து வருகிறவர் எதைக் கவனிக்க வேண்டும். ஏன் நின்றது என்ற இடத்தில் ஆள் பெயர் எழுதாதீர்கள். பெல்ட் தளர்ந்தது என்று எழுதுங்கள், இன்னார் பெல்ட்டைப் பார்க்கவில்லை என்று எழுதாதீர்கள். ஒரு பெயர் எழுதினீர்கள் என்றால் அந்த நோட்டு கோள் சொல்கிற நோட்டு ஆகிவிடும், அதற்கப்புறம் உங்களிடம் ஒருத்தரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஆறு வாரம் விடாமல் எழுதினால், தேதி போட்ட முப்பத்தைந்து நாற்பது பக்கம் உங்கள் கையில் இருக்கும். தவறிப்போன நாளைப் பிறகு நிரப்ப வேண்டாம், ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதிய நோட்டை எந்த முதலாளியும் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்தது, உங்கள் மெஷினுக்கு ஆள் தயார் செய்வது. இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. உங்களைத் தூக்கி மேலே வைத்தால் ஷெல்லரை யார் ஓட்டுவது என்பது முதலாளிக்கு உடனே வருகிற கேள்வி, பதில் இல்லை என்றால் உங்கள் திறமையே உங்களுக்குத் தடை. கூட இருக்கிற இரண்டு பேரில் ஒருவரையாவது இப்போதே பிடியுங்கள். உங்கள் மில்லில் பீகார், ஒடிசா பையன்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவராக இருந்தாலும் சரி, மொழி அரைகுறையாக இருந்தாலும் கை வேலையைக் கையால் காட்டலாம். காட்டிவிட்டு நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள். மெஷின் லோடு ஏறிச் சத்தம் மாறும், கை பரபரக்கும், போகாதீர்கள். அவன் கண்டுபிடிக்கிறானா என்று ஒரு நிமிஷம் பாருங்கள். ஆபத்து என்றால் மட்டும் போங்கள். அந்தப் பத்தடி தூரம் நிற்கப் பழகுவது பதினோரு வருஷம் மெஷினோடு இருந்த ஆளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி நின்றவன்தான்.

படிப்பு இல்லாததை எங்கெல்லாம் அனுபவத்தால் ஈடுகட்டலாம், எங்கே முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மில் தளத்து சூப்பர்வைசராக டிப்ளமோ இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, அது முதலாளி வைக்கிற நிபந்தனை. பாய்லர் அப்படி இல்லை. பாய்லரைப் பார்த்துக்கொள்பவருக்குத் தகுதிச் சான்றிதழ் சட்டப்படி வேண்டும், எத்தனை வருஷம் உமி தள்ளியிருந்தாலும் அனுபவம் அதற்கு ஈடாகாது. நீங்கள் சூப்பர்வைசர் ஆன பிறகு, சான்றிதழ் உள்ளவர் லீவு போட்ட ராத்திரியில் நீயே பார்த்துக்கொள் அண்ணே என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலாளியிடம் பேசும்போதே இதை ஒரு வரி சொல்லிவிடுங்கள், இவனுக்கு எல்லை தெரிகிறது என்று அவருக்குப் புரியும். படிப்புக்குப் பதிலாக ஏதாவது காகிதம் வேண்டும் என்றால், செய்கிற வேலையில் இருக்கிற திறமையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஆர்.பி.எல். என்ற ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது, மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் உங்கள் தொழிலுக்கு இப்போது நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அது டிப்ளமோவுக்குச் சமம் கிடையாது. உங்கள் நோட்டுக்கு மேலே வைக்க ஒரு அட்டை, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எப்படிக் கேட்பது. வேலையை நிரந்தரமாகக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள், ஒரு மாதம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இருக்கிற சூப்பர்வைசர் நிற்பதற்கு முன்னாலேயே அவர் லீவு போடுகிற நாட்களில் உங்களைப் பொறுப்பு பார்க்க வைக்கலாம். முதலில் அவரிடம் பேசிவிடுங்கள், அவரைத் தாண்டிப் போனதாக இருக்க வேண்டாம். போகிற மனுஷர், அவருக்குப் பொறாமைப்பட ஒன்றும் இல்லை, அவர் சொல்கிற ஒரு வார்த்தை கணக்குப்பிள்ளை சொல்கிற பத்து வார்த்தைக்கு மேல். முதலாளியிடம் போகும்போது லாரி நிற்காத நேரமாகப் பாருங்கள், நின்றபடி பேசாதீர்கள். சொல்லவேண்டியது சுமார் இவ்வளவுதான்:

"ஐயா, ராத்திரி நொய் 9-ல் இருந்தது, காரணம் இது, இப்போது இவ்வளவுக்கு வந்திருக்கு, ஷிப்டுக்கு இத்தனை ரூபாய். ஆறு வாரக் கணக்கு இந்த நோட்டில் இருக்கு. ஷெல்லருக்கு இன்னாரைத் தயார் பண்ணியிருக்கேன். ஒரு மாசம் ஷிப்டை என்கிட்டக் கொடுத்துப் பாருங்க. நொய், நின்ற நேரம், ஆள் வரவு இந்த மூணையும் வாரா வாரம் காட்டறேன். சரியில்லன்னா நான் திரும்ப மெஷினுக்கே போயிடறேன்."

கடைசி வரிதான் அவரைச் சம்மதிக்க வைக்கும். ஏனென்றால் ஆளை மேலே ஏற்றிவிட்டு இறக்க முடியாமல் போவதுதான் அவருக்குப் பயம். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பதவி கேட்டு மறுத்தால் முகத்தில் விழிப்பது கஷ்டம், ஒரு மாதம் பார்க்கச் சொல்லி மறுத்தால் அப்படி ஒன்றும் ஆகிவிடாது, நோட்டு உங்களிடம்தான் இருக்கும், நீடாமங்கலம், கும்பகோணம் பக்கம் வேறு மில்லில் பேசவும் அதே நோட்டு உதவும். ஆனால் லாட் விவரம், வியாபாரி பெயர் இருக்கிற பக்கங்களை வெளியே காட்டாதீர்கள், அது அந்த மில்லின் கணக்கு.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, ஆச்சரியம்தான். சூப்பர்வைசர் ஆகி முதல் சீசனில் கையில் வருவது குறைந்து போய், வீட்டில் சண்டை வந்து திரும்ப மெஷினுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். கணக்கு இப்படி. இப்போது மாதம் 16,640 என்று வையுங்கள், 26 நாள், எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு 80 ரூபாய். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்பு, 160. சீசனில் மாதம் 30 மணி நேரம் பார்த்தால் 4,800, மொத்தம் 21,440. சூப்பர்வைசருக்கு 20,000 என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மேற்பார்வைப் பதவிக்கு அந்த ஓவர்டைம் பெரும்பாலும் கிடையாது, தை மாசியில் நீங்கள்தான் கடைசியாக வீட்டுக்குப் போவீர்கள். இரண்டாவது, தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார், பழைய தொழிற்தகராறுச் சட்டத்தில் அந்த வரம்பு 10,000-ஆக இருந்தது. நாளைக்கு வேலையை விட்டு நிறுத்தினால் தொழிலாளியாக நின்று வழக்குப் போடுகிற பாதுகாப்பு போய்விடுகிறது. பெயருக்கு மட்டும் சூப்பர்வைசர், பார்ப்பது அதே ஷெல்லர் வேலை என்றால் நீதிமன்றம் பெயரைப் பார்க்காது, முக்கியமாக என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் பார்க்கும். ஆனால் அதற்கு நீங்கள் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டும். அதனால் சோதனை மாதம் முடிந்து நிரந்தரம் என்று சொல்லும்போது பதவி, சம்பளம், சீசன் மாதங்களுக்குக் கூடுதலாக என்ன என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். சீசன் படி என்று ஒன்று கேட்பதில் தப்பே இல்லை, பல மில்களில் கொடுக்கிறார்கள்.

ஆட்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பார்கள்தான், இப்போது நீங்கள் அவர்களில் ஒருவர். முதல் மாதத்திலேயே உங்கள் ஊர்க்காரர் யாராவது, அனேகமாக மாமன் மச்சான் முறையில் ஒருவர், அரை மணி நேரம் தாமதமாக வந்து சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடப் பார்ப்பார். மொத்தத் தளமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், வடக்கத்திப் பையன்கள் இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள். அவரை எல்லோர் முன்னாலும் கத்த வேண்டாம், வந்த நேரத்தை அப்படியே எழுதுங்கள், தேநீர் நேரத்தில் தனியாகக் கூப்பிட்டு, மாமா, நேரத்தை மாற்றி எழுதினால் இந்த நோட்டே பொய்யாகிவிடும் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார். இரண்டு கல்யாணத்துக்குப் பேசாமல் இருப்பார்.

அந்த டிப்ளமோ பையனே வந்துவிட்டால்? வரட்டும். ஈரமானியில் புழுங்கல் நெல்லை எந்த அளவில் வைத்துப் பார்ப்பது என்று முதல் நாளே அவருக்குக் காட்டிக் கொடுங்கள், சூடான நெல்லை உடனே வைத்தால் எண் தப்பாகக் காட்டும், ஆறவிட்டு வைக்க வேண்டும் என்பதையும். உங்கள் நோட்டில் இருக்கிற எண்களை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றி மாத வரைபடம் போட்டுக் கொடுப்பார், அதை எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். மூன்று ஷிப்ட் ஓடுகிற மில்லில் சூப்பர்வைசர் இடம் ஒன்றோடு நிற்பதில்லை, இப்படி வருகிற பையன்களில் பலரும் இரண்டு சீசனுக்குள் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று கிளம்பிவிடுகிறார்கள். தராசு மட்டும் நாளைக்கே வாங்கிவிடுங்கள்.